கறுத்த கண்ணாடிக்குள் அப்பாவின் கண்கள்

*அப்பாவுக்கு வருகிற தையில் மணிவிழா. பத்திரிகையில் போடவும் வீட்டில் மாட்டவும் அவரை எங்கள் வயலில் வைத்து ஒரு படம் எடுக்க ஆசை. ஆனால் அவர் போட்டிருப்பது வெயில் பட்டால் கறுக்கிற கண்ணாடி. வெளியே வந்ததுமே கண் மறைந்துவிடுகிறது. மரத்தடி நிழலில் நிறுத்தியும் அதே கதை. ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிதான் மிச்சம். கழற்றச் சொன்னால் "அது நான் மாதிரியே இருக்காதும்மா" என்கிறார். என்னிடம் சாதாரண டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் லென்ஸ், ஒரு ஃபிளாஷ் உண்டு. என்ன செய்யலாம் சார்?*
*— வாசகி, திருவையாறு*

அப்பா சொல்வது சரிதான். வருஷக்கணக்கில் கண்ணாடியோடு பார்த்த முகத்தைக் கழற்றிவிட்டு எடுத்தால், சொந்தக்காரர்களே ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் பதிந்த தடம் வேறு தெரியும். அதனால் கண்ணாடியோடே எடுப்போம்.

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காலை ஒன்பது மணிக்கு வயல் வரப்பில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் அப்பாவின் கண்ணாடியை லென்ஸ் தாளோடு ஒட்டினாற்போல் வையுங்கள். ஒரு நிமிஷம் கழித்துப் பாருங்கள். லென்ஸுக்குக் கீழே இருக்கும் தாள் கிட்டத்தட்ட கரியாகத் தெரியும். இப்போது அதே கண்ணாடியைக் கையில் தூக்கி, அதன் வழியாகத் தூரத்துத் தென்னையைப் பாருங்கள். அவ்வளவு இருட்டாக இருக்காது. அதே லென்ஸ்தான். தாளில் விழும் வெளிச்சம் லென்ஸைக் கடந்து உள்ளே போகிறது, தாளில் பட்டு மறுபடியும் லென்ஸைக் கடந்து வெளியே வருகிறது. இரண்டு தடவை வடிகட்டப்படுகிறது. தென்னையைப் பார்க்கும்போது ஒரே தடவைதான்.

அப்பாவின் கண் இருப்பது அந்தத் தாளின் நிலைமையில். நன்றாகக் கறுத்த லென்ஸ் வெளிச்சத்தில் 15 சதவீதத்தை மட்டும் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும்போது நூற்றுக்குப் பதினைந்து. திரும்பி வரும்போது அதிலும் நூற்றுக்குப் பதினைந்து. கடைசியில் கேமராவுக்கு வந்து சேர்வது இரண்டேகால். வெளிச்சம் ஒரு தடவை பாதியாவது ஒரு ஸ்டாப். அந்தக் கணக்கில் பக்கத்தில் இருக்கும் கன்னத்தைவிடக் கண் ஐந்தரை ஸ்டாப் இருட்டு. அதே லென்ஸ் பாதி அளவுக்கு மட்டும், அதாவது 50 சதவீதம் விடுகிற அளவுக்குக் கறுத்திருந்தால் வித்தியாசம் வெறும் இரண்டு ஸ்டாப். இரண்டு ஸ்டாப்பைக் கணினியில் தூக்கிவிடலாம். ஐந்தரையைத் தூக்கினால் வருவது கண் அல்ல, புள்ளிப் புள்ளியாக இரைச்சல். ஆகவே லென்ஸ் முழுக்க வெளுக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், பாதிக் கறுப்பில் பிடித்தாலே போதும்.

உங்கள் ஃபிளாஷ் ஏன் தோற்றது என்பதும் இதிலேயே இருக்கிறது. கேமரா மேலிருந்து போன வெளிச்சம் கன்னத்தில் முழுசாக விழுந்தது, கண்ணுக்கு அதே இரட்டை வடிகட்டல். ஃபிளாஷைக் கூட்டக் கூட்ட முகம்தான் வெளுக்கும், கண்ணுக்கும் கன்னத்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கும். பூச்சு இல்லாத லென்ஸின் முன்பரப்பு தன்மேல் விழுவதில் நான்கு சதவீதம் போலத் திருப்பி அனுப்பும். அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி. கண்ணிலிருந்து வருவது இரண்டேகால், அதுவும் கண் முழு வெள்ளையாக இருந்தால். முன்பரப்பிலிருந்து வருவது நான்கு. யார் ஜெயிப்பார்கள்!

சரி, லென்ஸைக் கறுக்க வைப்பது எது? கண்ணைக் கூசும் வெளிச்சம் அல்ல, புற ஊதாக் கதிர். பிளாஸ்டிக் லென்ஸில் கலந்திருக்கும் சாயம் அந்தக் கதிர் பட்டால் உருமாறிக் கறுக்கும், கதிர் நின்றதும் வெப்பத்தால் பழைய உருவுக்குத் திரும்பும். அந்தக் கதிர் சூரியனிடமிருந்து நேராக மட்டும் வருவதில்லை. நீல வானம் முழுவதும் அதைச் சிதறடித்து இறக்குகிறது. மரத்தடியில் உங்கள் முகத்துக்கு எதிரே பாதி வானம் திறந்திருந்தால், நிழலில் நின்றாலும் லென்ஸுக்கு அது வெளியில் நிற்கிற மாதிரிதான். படம் எடுப்பவர்கள் நல்ல வெளிச்சம் என்று தேடிப் போகும் திறந்த நிழல் இந்தக் கண்ணாடிக்கு உதவாது. காருக்குள் அப்பாவின் கண்ணாடி சரியாகக் கறுப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்பக்கக் கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிட்டுப் புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அதே வித்தையைத்தான் நாமும் செய்யப் போகிறோம்.

முதலில் நேரம். தை மாதம் திருவையாற்றில் சூரியன் ஆறரை மணிக்குச் சற்றுப் பின்னால் உதித்து, மாலை ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால் மறையும். காலைப் பொன்வெயில்தான் படத்துக்கு அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. குளிரில் அதிகமாகக் கறுக்கும், வெளுப்பதற்கும் நேரம் எடுக்கும். சூட்டில் கறுப்பு குறையும், சீக்கிரம் வெளுக்கும். தை மாதம் எட்டரை ஒன்பது மணிக்கு வயலில் பனி ஈரம் காய்ந்திருக்காது, காற்றில் இன்னும் சில்லென்று இருக்கும், சூரியனோ போதுமான அளவு மேலே வந்திருக்கும். அந்த நேரம்தான் இருப்பதிலேயே மோசம். சித்திரை மாதத்து மதியத்தைவிட அப்போது கண்ணாடி கறுப்பாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

மாலை ஐந்தரை மணி அப்படி அல்ல. பகல் முழுக்கக் காய்ந்த காற்று, லென்ஸும் வெதுவெதுப்பாக இருக்கும். சூரியன் அடிவானத்துக்கு இறங்கிவிட்டதால் அதன் கதிர் நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டும், அதில் புற ஊதாதான் முதலில் அடிபட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இன்னும் தாராளமாக இருக்கும். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே எடுங்கள். காலையில்தான் எடுக்க வேண்டும் என்றால் உதித்த முதல் அரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்தது இடம். வயலில் மோட்டார் கொட்டகை இருக்குமே, அதன் கூரை விளிம்புக்குள் இரண்டு அடி தள்ளி, வயலைப் பார்த்து அப்பாவை உட்கார வையுங்கள். கீற்றோ தகரமோ, தலைக்கு மேல் உள்ள வானத்தை அது மறைத்துவிடும். எதிரே உள்ள வானம் மட்டும் மிச்சம். இன்னும் உள்ளே தள்ளத் தள்ள லென்ஸ் வெளுக்கும், முகத்தில் விழும் வெளிச்சமும் குறையும். உங்கள் கொட்டகைக்கு எந்த இடம் தோதானது என்பதை அந்த வெள்ளைத் தாளே சொல்லும். அரை அடிக்கு ஒரு தடவை நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்கள்.

வீட்டு முன்புறத்தில் பாலிகார்பனேட் ஷீட் போட்ட போர்ட்டிகோ இருக்கிறதா? இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் பாதி வீடுகளில் அதுதான். இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த ஷீட் வெளிச்சத்தை விடும், புற ஊதாவை ஏறக்குறைய முழுசாக மறிக்கும். நிறமில்லாததும் பால் வெள்ளையும் நல்லது. பச்சை, நீல ஷீட் முகத்தில் நிறத்தைப் பூசிவிடும். ஷீட் தலைக்கு மேல் மட்டும் இருந்து பக்கவாட்டு வானம் திறந்திருந்தால் அந்தப் பக்கமாகக் கதிர் வரும், ஆகவே ஓரத்தில் நிற்காமல் நடுவுக்கு வாருங்கள். வயலில்தான் வேண்டும் என்றால், ஆறடிக்கு நான்கடி துண்டு ஷீட் ஒன்றை இரண்டு பேர் அப்பாவின் தலைக்கு மேலும் சற்று முன்னாலும் சாய்த்துப் பிடித்தால் அதுவே குடை. ஷீட் படத்தில் விழாமல், அவருக்கும் வானத்துக்கும் குறுக்கே இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் பக்கத்தை மறைக்கத் தேவையில்லை. சில புது ரக லென்ஸ்கள் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்துக்கும் அசைந்து கொடுக்கும். அப்பாவுடையது அந்த ரகமா என்று தெரிய, ஷீட்டுக்குக் கீழே தாளில் கண்ணாடியை வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள், போதும்.

இனி வெளிச்சம். கண்ணுக்குப் போகிற வெளிச்சம் லென்ஸைத் தொடாமல் போனால் ஒரே ஒரு வடிகட்டல்தான் மிஞ்சும். 15 சதவீத லென்ஸில்கூட வித்தியாசம் ஐந்தரையிலிருந்து மூன்று ஸ்டாப்புக்குக் கீழே வந்துவிடும். பாதிக் கறுத்த லென்ஸில் வெறும் ஒரு ஸ்டாப். லென்ஸைத் தொடாத வழி இரண்டு உண்டு. ஒன்று, கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கு. இன்னொன்று, காதுப்பக்கம் காம்புக்குக் கீழே உள்ள திறப்பு.

நான் முதலில் கீழ்வழியைத்தான் எடுப்பேன், இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து போகும். அப்பா வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. மடியில் மாலை வெயில் ஒரு கீற்று விழும்படி உட்கார வைத்தால் வேட்டி வெளிச்சத்தை மேலே தள்ளும். போதவில்லை என்றால் மடியில், படத்தின் சட்டகத்துக்குக் கீழே, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை முகத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். மாலையில் வெயில் கீழே இறங்கிவிடுவதால் அட்டை பிடிக்கச் சுலபம். கண்ணாடி மூக்கில் ஒரு நூல் இறங்கி உட்கார்ந்தால் கீழ் இடுக்கு மாறிப் போகும். அப்பா பைஃபோக்கல் போட்டிருந்தால் கீழ்ப்பாதியின் கோடு கண்மணியை வெட்டாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் பயன்படுத்துவதானால் கேமராவிலிருந்து கழற்றி, அப்பாவின் காது மட்டத்துக்குப் பக்கவாட்டில், முகத்துக்குக் கிட்டத்தட்டச் செங்கோணமாக வையுங்கள். முன்னே ஒரு கறுப்புச் சார்ட் அட்டையைக் குழலாகச் சுருட்டிக் கட்டினால் வெளிச்சம் கன்னம் முழுக்கப் பரவாமல் கண்ணருகே விழும். மூக்கு மறைப்பதால் அந்தப் பக்கக் கண் ஒன்றுக்குத்தான் பலன். அதனால் முகம் அந்தப் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கும்போது மட்டும் இது வேலை செய்யும். காம்பு அகலமான பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் இந்த வழியே அடைபட்டிருக்கும், ஃபிளாஷைப் பைக்குள் போடுங்கள். ஃபிளாஷ் லென்ஸைக் கறுக்க வைக்குமோ என்ற பயம் வேண்டாம், அது மின்னும் நேரம் அதற்குப் போதாது.

பிரதிபலிப்பை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம் என்று பார்த்தால் டெல்டாவில் முடியாது. அப்பாவின் லென்ஸ் எதிரே உள்ள வானத்தைக் காட்டும். காம்பைக் காதுக்கு மேல் ஒரு விரல்நகம் அளவு தூக்கி வைத்தால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும், வானம் போய்த் தரை வரும். தரையில் நெல் பச்சையாக நின்றால் லென்ஸில் மெல்லிய பச்சைப் படலம், சகித்துக்கொள்ளலாம். நீர் தேங்கிய வயல் என்றால் அந்த நீரில் வானம் இருக்கிறது, பிறகு லென்ஸிலும் வரும். தையில் சம்பா அறுவடைக்குக் காய்ந்து நிற்கும் பக்கமாகப் பார்க்க வையுங்கள். கறுத்த லென்ஸில் கண்ணின் வெளிச்சம் குறைவாக இருப்பதால், சாதாரணக் கண்ணாடியில் கண்டுகொள்ளாமல் விடும் பிரதிபலிப்பு இங்கே கண்ணையே அழிக்கும். போலரைசர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். நேர் எதிரே பார்க்கும் முகத்துக்கு அது பெரிதாக உதவாது, வெளிச்சத்தையும் ஒன்றரை ஸ்டாப் போலத் தின்னும். இதற்காக வாங்க வேண்டாம்.

இப்போது அந்த மாலையை வரிசையாகச் சொல்கிறேன். நாலு மணி முதல் அப்பாவின் கண்ணாடி மூக்கில் இருக்கக்கூடாது. பெட்டியில் போட்டு அவர் சட்டைப்பைக்குள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். கறுக்க அரை நிமிஷம் போதும், ஆனால் வெளுக்க ஐந்து, பத்து நிமிஷம் ஆகும். சூடு நல்லது என்று காரின் டாஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், மேல்பூச்சு வெடிப்பு விடும்.

கண்ணாடி இல்லாமலே அவரை உட்கார வைத்து, வெளிச்சம், வேட்டி, அட்டை எல்லாவற்றையும் சரி செய்யுங்கள். ஐந்தரை மணி நிழலுக்கு ஐஎஸ்ஓ 400, f/4, 1/160 என்று மேனுவலில் தொடங்கி, கன்னத்துக்குப் பொருத்தமாக மாற்றி நிறுத்துங்கள். ஒயிட் பேலன்ஸும் ஒரே எண்ணில் நிற்கட்டும். ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல். f/1.8 ஆசை வரும். அடக்குங்கள். ஆட்டோ ஃபோகஸ் கண்ணைப் பிடிக்காமல் ஃபிரேம் விளிம்பைப் பிடிக்கும், விளிம்புக்கும் கண்ணுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் போல இருக்கும். நெருங்கி எடுக்கும்போது அந்த இரண்டு சென்டிமீட்டரை f/1.8 மன்னிக்காது, f/4 மன்னிக்கும். கண்ணாடி இல்லாதபோதே கண்ணில் ஃபோகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், முதுகைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டால் அப்பாவும் ஆட மாட்டார்.

கண்ணாடி இல்லாமல் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்புறம் பெட்டியைத் திறந்து, "இப்ப போடுங்கப்பா" என்று சொல்லிப் போட்டதுமே எடுக்க ஆரம்பியுங்கள். முதல் பத்து விநாடிதான் உங்கள் சொத்து. இருபதாவது விநாடியில் லென்ஸ் பாதிக்குமேல் போயிருக்கும். சிரிக்க வைக்கும் பேச்சை அவர் கண்ணாடி போடும் முன்பே தொடங்கிவிடுங்கள். சரியாக வரவில்லையா, கண்ணாடியைச் சட்டைப்பைக்கு அனுப்பிவிட்டு ஐந்து, பத்து நிமிஷம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே இப்படி இரண்டு மூன்று சுற்றுக்கு நேரம் இருக்கும்.

சுற்றெல்லாம் முடிந்தும் கண் கிடைக்காவிட்டால்தான் அந்தக் கண்ணாடி இல்லாத படம். கணினியில் இரண்டையும் அடுக்கி, கண் இருக்கும் பகுதியை மட்டும் லென்ஸுக்குள் கொண்டுவரலாம். தலை ஒரே இடத்தில், பார்வை ஒரே திசையில் இருந்தால் கால் மணி நேர வேலை. பகல் வெயிலில் இது பலிக்காது. கறுப்பு லென்ஸ் இல்லாத கண் கூசிச் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கொண்டுபோய்ச் சாந்தமான முகத்தில் வைத்தால் ஒட்டாது. பவர் அதிகமாக இருந்தாலும் ஒட்டாது. மைனஸ் கண்ணாடிக்குப் பின்னால் கண் சின்னதாகத் தெரியும், பிளஸ் என்றால் பெரிதாக. வீட்டார் பழகிப்போன அந்த அளவு மாறினால், ஏன் என்று தெரியாமலே "அப்பா கொஞ்சம் வேற மாதிரி" என்பார்கள். பவர் இரண்டுக்குள் என்றால் கவலை இல்லை.

இன்னொரு வழி ஸ்டுடியோக்காரர்கள் கைவசம் வைத்திருப்பது. அப்பா கண்ணாடி வாங்கிய ஆப்டிக்கல்ஸில் அதே ஃபிரேம் இன்னும் விற்பனைக்கு இருந்தால், அதில் பவர் இல்லாத டம்மி லென்ஸ் மாட்டியிருக்கும். கறுக்காது. தெரிந்த கடை என்றால் ஒரு மாலைக்குக் கேட்டு வாங்கலாம். டம்மியில் பிராண்டு பெயர் அச்சடித்திருப்பார்கள், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகிறதா என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு அதில் இருக்காது, எனவே காம்பைத் தூக்கும் வேலை இதற்கு இன்னும் அவசியம். லென்ஸைக் கழற்றி வெறும் ஃபிரேமோடு எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. முழு விளிம்பு ஃபிரேமில் சுலபம். கீழே நைலான் நரம்பு கட்டிய பாதி விளிம்பில் லென்ஸ் போனால் நரம்பு தொங்கும், விளிம்பே இல்லாததில் கழற்ற எதுவும் மிஞ்சாது. எனக்கு வெறும் ஃபிரேம் பிடிப்பதில்லை. லென்ஸ் ஓரத்தில் கன்னக்கோடு சற்று விலகித் தெரிவதும், ஒரு மெல்லிய பளபளப்பும் இல்லாமல் அது நாடக மேடைக் கண்ணாடியாகத்தான் தெரிகிறது.

கணினி வேலையில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லென்ஸையும் தனித்தனியாக மாஸ்க் செய்து வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் வரை தூக்கலாம். சாயத்தின் பழுப்போ நீலச் சாம்பலோ கண்வெள்ளையில் ஏறியிருக்கும், அங்கே நிறச்செறிவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அதோடு நிறுத்துங்கள். முழுசாக வெளுக்க வைத்தால் கன்னம் காட்டிக்கொடுத்துவிடும். கறுத்த லென்ஸ் கன்னத்தில் ஒரு நிழலை விழவைத்திருக்கும். லென்ஸ் தெளிவாகவும் அதன் நிழல் இருட்டாகவும் இருந்தால், படம் தெரியாதவர்கூட எங்கோ இடிக்கிறது என்று கண்டுபிடிப்பார். லேசான சாயல் இருக்கட்டும், அப்பாவின் கண்ணாடி அப்படித்தான் என்று ஊருக்கே தெரியுமே.

மணிவிழா என்றால் பத்திரிகையோடு வாசலில் ஃபிளெக்ஸும் வரும். ஃபிளெக்ஸ் அச்சில் இருட்டுப் பகுதி இன்னும் இருட்டாக விழும், கணினித் திரையில் தெரிந்த கண் அங்கே மறுபடியும் மறைந்துபோகும். அந்தக் கடைக்குத் தனிக் கோப்பாகக் கொடுங்கள், அதில் லென்ஸ் பகுதியை மட்டும் இன்னும் அரை ஸ்டாப் கூட்டி. முழு பேனருக்கு முன்னால் முகம் மட்டும் ஓர் அடி அளவில் ஒரு சாம்பிள் அடித்துக் கேளுங்கள். அதை வாசலில் பிடித்து, எதிர்வாடைத் திண்ணையில் இருந்து பார்த்தால் கண் தெரிய வேண்டும்.